ஸ்கூல் ஹால்ல "மேடை தெரியல"ன்னு வர்ற கம்ப்ளைன்ட்: ஒவ்வொரு குறைக்கும் எதை முதல்ல பாக்கணும்

ஸ்கூல் கட்டட வேலைதான் எனக்குப் பல வருஷமா பொழப்பு. ஆண்டு விழா முடிஞ்ச அடுத்த வாரம் போன் வரும், "சார், பின்னாடி உக்காந்த பேரன்ட்ஸ் யாருக்கும் ஒண்ணுமே தெரியலயாம், மேடைய ஒன்றரை அடி ஏத்திக் குடுத்துருங்க". பத்துக்கு எட்டு பேர் இதையேதான் கேப்பாங்க. மேடைய ஏத்துறதுதான் இருக்கறதுலயே காசு அதிகமா போயி பலன் கம்மியா வர்ற வேலை, அது ஏன்னு கீழ கணக்கோட சொல்றேன். அதனால உங்க ஹால்ல என்ன குறைன்னு பாத்து அந்தத் தலைப்புக்குப் போங்க, ஒவ்வொண்ணுலயும் செலவே இல்லாத காரணத்துல ஆரம்பிச்சு செலவானதுக்குப் போறேன்.

எதுக்கும் முன்னாடி: நூல் கட்டிப் பாருங்க

ஒரு டேப், கொத்தனார் நூல் ஒரு கண்டு, ரெண்டு ஆள் போதும். மேடை ஓரத்துல இருந்து மூணு அடி உள்ள, டான்ஸ் ஆடுற புள்ள கால் வைக்கிற இடத்துல, நூலோட ஒரு நுனிய தரையோட தரையா ஒருத்தர் அமுக்கிப் பிடிக்கணும். இன்னொருத்தர் கம்ப்ளைன்ட் வந்த சேர்ல உக்காந்து மறு நுனிய கண்ணு ஓரத்துல வச்சு இழுத்துப் பிடிக்கணும். இப்ப அந்தச் சேருக்கு நேர் முன் வரிசை சேர்ல ஒரு ஆள உக்கார வைங்க. நூல் அவர் தலைக்கு மேல போகுதா, நெத்தியில இடிக்குதா, மூக்குல இடிக்குதான்னு பாருங்க. அவ்வளவுதான் டெஸ்ட்.

சாதாரண பிளாஸ்டிக் சேர்ல உக்காந்த பெரியவங்க கண்ணு தரையில இருந்து சுமாரா 3 அடி 10 இஞ்ச் இருக்கும். கண்ணுக்கு மேல தலை உச்சி இன்னொரு நாலரை, அஞ்சு இஞ்ச். கொண்டை போட்டு மல்லிப்பூ வச்சிருந்தா இன்னும் ரெண்டு இஞ்ச் கூட்டிக்கணும், ஆண்டு விழா அன்னைக்கு ஹால் பூரா அப்படித்தான் இருக்கும், அதனால காலி ஹால்ல மட்டும் பாத்துட்டு "தெரியுது"ன்னு முடிவு பண்ணாதீங்க.

எக்ஸெல்ல போட்டுப் பாக்குறவங்களுக்கு கணக்கு இது:

```
C = D × (N + R) / (D + T) − R
```

`D` முன் வரிசை கண்ணுல இருந்து மேடையில நூல அமுக்கிப் பிடிச்ச புள்ளி வரைக்கும் தூரம், `R` அந்தப் புள்ளிய விட முன் வரிசை கண்ணு எவ்வளவு உயரம், `N` முன் வரிசைய விட பின் வரிசைய எவ்வளவு ஏத்திருக்கோம், `T` ரெண்டு வரிசைக்கு நடுவுல தூரம். `C` தான் முன்னாடி உள்ளவர் கண்ணுக்கு மேல பார்வை எவ்வளவு உயரத்துல போகுதுங்கிறது. அது அஞ்சு இஞ்ச் வந்தா தலைக்கு மேலயே பாத்துரலாம், சேர மாத்தி மாத்தி போட்டிருந்தா ரெண்டரை இஞ்சே போதும்.

குறை 1: பின்னாடி உக்காந்தவங்களுக்கு முன்னாடி தலைதான் தெரியுது

கம்ப்ளைன்ட் சொல்றவங்ககிட்ட முதல்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: முகம் தெரியலயா, பாதம் தெரியலயா? ரெண்டும் வேற வேற வியாதி.

*முகமே தெரியலன்னா*

முதல் காரணம் சேர் போட்ட விதம். சேர்களை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நேர்கோட்டுல அடுக்கியிருப்பாங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா ஒவ்வொருத்தருக்கும் நேர் முன்னாடி ஒரு பின்மண்டை. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைய அரை சேர் தள்ளிப் போடுங்க. எட்டு சேர் இருக்குற வரிசைக்கு அடுத்ததுல ஏழு. மூணு அடி உயர மேடை, மூணு அடிக்கு ஒரு வரிசை, முதல் வரிசை மேடையில இருந்து பத்து அடின்னு இருந்தா, வெறும் சமதளத் தரையிலயே பதினோரு பன்னெண்டு வரிசை வரைக்கும் பேசுறவரோட மார்புக்கு மேல தெளிவா தெரியும். செலவு ஒரு பைசா கிடையாது, ஒரு அரை மணி நேரம் ஆகும்.

ரெண்டாவது, மேடை முகப்புல வச்சிருக்குற சாமான். பூந்தொட்டி, ஸ்பீக்கர் பாக்ஸ், தெர்மோகோல் எழுத்து, ரெண்டு அடி உயர பேனர். ஒரு தடவ மொத்த கம்ப்ளைன்டுமே எட்டு குரோட்டன்ஸ் தொட்டியால வந்துச்சு. தொட்டிய எடுத்து மேடைக்குக் கீழ தரையில வரிசையா வச்சோம், அதோட பிரச்சினை தீர்ந்துச்சு.

*பாதம் தெரியலன்னா*

பரதநாட்டியம், கோலாட்டம், சின்னப் புள்ளைங்க டான்ஸ் எல்லாத்துலயும் இதுதான் வரும். சமதளத் தரையில சேர் போட்டா பாதம் தெரியவே தெரியாது, எவ்வளவு தள்ளிப் போட்டாலும் சரி. ஒரு ஸ்கூல்ல நடந்தத அப்படியே சொல்றேன், ஏன்னா மேடைய ஏத்துற கதையும் அதுலதான் இருக்கு.

ஹால் 54 அடி நீளம் (மேடை ஓரத்துல இருந்து பின் சுவர் வரைக்கும்), 40 அடி அகலம். மேடை மூணு அடி. ஹெச்.எம். மேடம் நாலரை அடியா ஏத்தணும்னு எஸ்டிமேட்டே வாங்கி வச்சிருந்தாங்க. நான் போயி பத்தாவது வரிசையில உக்காந்து நூலப் பிடிச்சேன், நூல் முன்னாடி இருந்த பி.டி. மாஸ்டர் கண்ணுக்கு முக்கால் இஞ்ச் கீழ போச்சு. அப்புறம் மேடையில நாலரை அடி உயரம் வர்ற மாதிரி ஒரு டெஸ்க்க போட்டு அது மேல நூல அமுக்கச் சொன்னேன். இப்ப நூல் மாஸ்டர் கண்ணுக்கு அரை இஞ்ச்சுக்குக் கொஞ்சம் மேல. அதாவது மேடைய ஒன்றரை அடி ஏத்தினா பத்தாவது வரிசைக்குக் கிடைக்கிற லாபம் ஒன்றரை இஞ்ச் கூட இல்ல. மாஸ்டர் நெத்தி இன்னும் அங்கதான் இருக்கு.

அடுத்து டெஸ்க்க எடுத்துட்டு, என் சேர ஆறு இஞ்ச் உயரமா ரெண்டு செங்கல் அடுக்கி அது மேல பலகை போட்டு ஏத்தி உக்காந்தேன். நூல் மாஸ்டர் கண்ணுக்கு கிட்டத்தட்ட அஞ்சு இஞ்ச் மேல, தலைய உரசிக்கிட்டுப் போச்சு. மேடம் தானே வந்து உக்காந்து பாத்துட்டு அந்த எஸ்டிமேட்ட மடிச்சு உள்ள வச்சுட்டாங்க. தூரத்துல இருக்கறத ஏத்தினா பக்கத்துல பலன் தெரியாது, பாக்குறவர் உக்காந்த இடத்த ஏத்தினாதான் பலன்.

ஆனா இதோட அவசரப்பட்டு பின் வரிசைக்கெல்லாம் பிளாட்பாரம் போட்டுறாதீங்க. இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. நேர் முன் வரிசைய மட்டும் பாத்தா போதாது, நூல் மேடைக்குப் போகப் போக கீழ இறங்கும், அதனால பின்னாடி நீங்க உயரமா உக்காந்தாலும் முதல் வரிசை விருந்தினர் தலைல போயி அது முட்டும். அந்த ஹால்லயும் முட்டுச்சு. முதல் வரிசை சேர் மேடைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு செங்குத்தா பின்னாடி ஏத்த வேண்டி வரும்.

அதுக்கு ஸ்கூல்ல ஒரு நல்ல வழி இருக்கு, சினிமா தியேட்டர்காரங்களுக்கு இல்லாத வழி. சின்னப் புள்ளைங்கள ஜமுக்காளத்துல முன்னாடி உக்கார வைங்க. தரையில உக்காந்த புள்ள தலை ரெண்டரை அடிய தாண்டாது, மேடை மூணு அடி, ஆக அவங்க யார் பார்வையையும் மறைக்க முடியாது. மேடை ஓரத்துல இருந்து ஆறு அடி விட்டு பன்னெண்டு அடி ஆழத்துக்கு ஜமுக்காளம், சுமாரா எண்பது புள்ளைங்க உக்காரலாம். அதுக்குப் பின்னாடி குறுக்க ஒரு நடைவழி. பெரியவங்க முதல் சேர் வரிசை, கண்ணு கணக்குக்கு, மேடையில இருந்து 23 அடியில ஆரம்பிக்குது. அது தரையிலயே இருக்கட்டும். ரெண்டாவது வரிசையில இருந்து ஒவ்வொண்ணும் ஆறு இஞ்ச் உயர்த்தி, மூணு அடி ஆழ பிளாட்பாரம், மொத்தம் ஒன்பது படி. ரெண்டாவது வரிசைக்கு நாலு இஞ்சுக்கு மேல கிடைக்கும், பத்தாவது வரிசைக்கு கிட்டத்தட்ட ரெண்டரை, சேர மாத்திப் போட்டா கடைசி வரிசைக்கும் சலங்கை தெரியும். இதையே முதல் வரிசை பத்து அடியில வச்சு பண்ணியிருந்தா அதே பலனுக்கு பின்னாடி போகப் போக ஏழு இஞ்ச் தாண்டி ஏத்தியிருக்கணும்.

பணம் கம்மியா இருந்தா நாலு இஞ்ச் படி போடுங்க, கடைசி வரிசைக்கு ஒன்றரை இஞ்ச் கிட்டதான் கிடைக்கும், முழங்காலுக்கு மேல நல்லா தெரியும், பாதம் அப்பப்ப மறையும். எல்லாரும் சரிவா தரை போட்டுரலாமான்னும் கேப்பாங்க. பன்னெண்டுக்கு ஒண்ணு சரிவுன்னா வரிசைக்கு மூணு இஞ்ச்தான் வரும், அதுக்கு மேல செங்குத்தாக்கினா பிளாஸ்டிக் சேர் முன்னாடி நழுவும், வீல்சேர தள்ளிட்டுப் போறவங்களுக்கும் பிடிபடாது.

*எப்ப இன்ஜினியர கூப்பிடணும்*

எம்.எஸ். பாக்ஸ் பைப்புல ஃபிரேம் வெல்டிங் பண்ணி மேல பிளைவுட் அடிக்கிறதுதான் நான் பண்றது. உள்ளூர் வெல்டிங் பட்டறையில செஞ்சுருவாங்கதான், ஆனா டிசைன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தோட வேணும். கூட்டம் கூடுற இடத்துல சேர் நகரக் கூடியதா இருந்தா சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்குற மாதிரி டிசைன் பண்ணணும்னு இந்திய ஸ்டாண்டர்ட் (ஐ.எஸ். 875) சொல்லுது. புள்ளைங்க ஒரு நாள் அது மேல ஏறி நின்னு குதிப்பாங்க. ஹால் மாடியில இருந்தா இன்னும் கண்டிப்பு: செங்கல் கட்டி மண்ணு ரொப்பி கான்கிரீட் படி போடுறேன்னு யாராவது சொன்னா உடனே நிறுத்துங்க. நாலரை அடிக்கு ரொப்புனா அந்த வெயிட்ட கீழ இருக்குற ஸ்லாப் தாங்காது.

குறை 2: முதல் வரிசையில கழுத்து வலி, ஆடுறவங்க கால் தெரியல

இது பெரும்பாலும் மேடைய ஏத்தினதுக்கு அப்புறம் வர்ற குறை. மேடை தளம் உக்காந்தவர் கண்ணுக்கு மேல போச்சுன்னா, அதாவது நாலு அடிய நெருங்குனாலே, முன்னாடி இருக்கவங்களுக்கு மேடை ஓரமே மறைப்பு ஆயிரும். நாலரை அடி மேடை, பத்து அடி தள்ளி சேர்னா, பன்னெண்டு அடி உள்ள ஆடுற புள்ளைக்கு கீழ் பத்து இஞ்ச் தெரியாது. சீஃப் கெஸ்ட்டுக்கு சலங்கை சத்தம் மட்டும் கேக்கும்.

முதல்ல சேர பின்னாடி தள்ளுங்க. இருபது அடிக்குத் தள்ளினா மறையிறது பாதியா குறையும். அடுத்து ஆடுறவங்கள மேடையில முன்னாடி கொண்டு வாங்க, பின்னாடி திரைய நாலஞ்சு அடி முன்னாடி இழுத்துக் கட்டினா டான்ஸ் மாஸ்டருக்கு வேற வழி இல்லாம அவங்களே முன்னாடி வந்துருவாங்க. மேடைய இடிச்சு இறக்குறது கடைசி. கான்கிரீட் மேடைன்னா கீழ ஸ்டோர் ரூம் இருக்கலாம், தூண் இருக்கலாம், இன்ஜினியர் பாக்காம கடப்பாரை வைக்க விடாதீங்க. புதுசா கட்டுறவங்க மூணு அடியோட நிறுத்துங்க.

குறை 3: ஓரத்துல உக்காந்தவங்களுக்குப் பாதி மேடைதான் தெரியுது

சுவரோரக் கடைசி சேர்ல உக்காந்து மேடையோட பின் திரை நடுவப் பாருங்க. தெரிஞ்சா சரி. தெரியலன்னா சைடு விங் திரைதான் காரணமா இருக்கும், அத ஒரு அடி ரெண்டு அடி வெளிய தள்ளிக் கட்டுங்க. அப்பவும் தெரியலன்னா அந்தச் சேர்களை எடுத்துட்டு அந்த இடத்த நடைவழியா விடுங்க. ஹால் நடுவுல தூண் இருந்தா அதுக்குப் பின்னாடி சேர் போடாதீங்க, தூண எடுக்கலாமான்னு மட்டும் யாரும் யோசிக்க வேண்டாம்.

குறை 4: பிளாட்பாரம் போட்டப்புறம் ஆளுங்க தடுக்கி விழுறாங்க, சேர் கவுருது

மூணு இடத்துல பாருங்க. சேரோட பின் காலு பிளாட்பார ஓரத்துல இருந்து வழுக்கி கீழ இறங்குதா? ஒவ்வொரு பிளாட்பாரத்தோட பின் ஓரத்துலயும் அடுத்த படியோட முகப்பு இருக்கறதால அங்க பிரச்சினை வராது, கடைசி பிளாட்பாரத்துலயும் பக்கவாட்டு ஓரத்துலயும்தான் வரும். அங்க ரெண்டு இஞ்ச் உயரத்துக்கு ஆங்கிள் வச்சு வெல்டிங் பண்ணிட்டா சேர் காலு தாண்டாது. சேர் முன் காலு முன் ஓரத்துக்கு வருதுன்னா ஆழம் பத்தல, மூணு அடிக்கு குறைச்சுப் போட்டிருப்பாங்க. சேர போட்டப்புறம் ஆள் போக ஒரு அடியாவது காலியா இருக்கணும்.

அடுத்து படி உயரம். ஒவ்வொரு படியையும் டேப் வச்சு அளந்து எழுதுங்க. எல்லாம் ஆறு இஞ்சா இருந்து ஒண்ணு மட்டும் ஆறரையா இருந்தா அந்த ஒண்ணுலதான் எல்லாரும் விழுவாங்க. பட்டறையில தனித்தனியா செஞ்சு கொண்டு வந்து ஹால்ல வைக்கும்போது தரை ஏத்த இறக்கமா இருந்தா இது நடக்கும், ரசமட்டம் வச்சு அடியில ஷிம் தட்டி சரி பண்ணிரலாம். படி ஓரத்துல மஞ்சள் டேப் இல்ல பெயிண்ட், இருட்டுல தெரியணும்.

மூணாவது ஃபேன். இத ஒரு ஸ்கூல்ல நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ஹால்ல ஃபேன் தரையில இருந்து 11 அடியில தொங்கிச்சு. கடைசி பிளாட்பாரம் நாலரை அடி. ஃபிரேம் எல்லாம் இறக்கி வச்சுட்டு மேல ஏறி நின்னப்பதான் ஃபேன் இறக்கை தலைக்கு ஒரு அடி மேல சுத்துறத பாத்தேன். ஒரு அப்பா புள்ளைய தோள்ல தூக்கி வச்சா என்ன ஆகும்? அன்னைக்கே பின்பக்க ஃபேன் நாலையும் கழட்டி சுவர் ஃபேன் மாட்டினோம். பிளாட்பார தளத்துல இருந்து எட்டு அடியாவது இல்லன்னா சீலிங் ஃபேன் கூடாது. கடைசி வரிசைக்குப் பின்னாடியும் பக்கத்துலயும் கைப்பிடி கண்டிப்பா வேணும், அது ஃபிரேமோட சேத்து வெல்டிங் பண்ணதா இருக்கணும், கயிறு கட்டுறது கைப்பிடி ஆகாது.

குறை 5: விழா முடிஞ்சா கூட்டம் வெளிய போகாம நெரியுது

இதுக்கு மட்டும் கம்ப்ளைன்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. 1997ல டெல்லி உபஹார் தியேட்டர் தீ விபத்துல 59 பேர் செத்துப் போனாங்க, பால்கனியில கூடுதல் சீட்டு போட்டு நடைவழியையும் வெளிய போற வழியையும் அடைச்சிருந்தது அதுக்கு ஒரு முக்கிய காரணம். நம்ம ஹால்ல அந்தக் கூடுதல் சீட்டு எப்படி வருதுன்னா, ஏழு மணிக்கு மேல வர்ற பேரன்ட்ஸுக்கு அட்டெண்டர் அண்ணன் பாவப்பட்டு நடைவழியில நாலு சேர் போட்டுக் குடுப்பார். அதுதான் முதல் காரணம், அத நிறுத்தினாலே பாதி நெரிசல் போயிரும். அடுத்தது வீடியோகாரர் ஸ்டாண்டு, தரையில ஓடுற கேபிள்.

அளவு: நடைவழி நாலு அடி, முன்னாடி இருந்து கதவு வரைக்கும் எங்கயும் சுருங்கக் கூடாது, கதவுக்கிட்ட செருப்பு ஸ்டாண்டு இருந்தா அதையும் சேத்து அளங்க. ரெண்டு பக்கமும் நடைவழி இருந்தா ஒரு வரிசையில பதினாலு சேருக்கு மேல வேண்டாம், ஒரு பக்கம் சுவர்னா ஏழோட நிறுத்துங்க. நான் சொன்ன ஹால்ல 40 அடியில ஓரத்துல ரெண்டு, நடுவுல ஒண்ணுன்னு மூணு நாலடி நடைவழி போக மீதி 28 அடி, ஒரு பக்கத்துக்கு எட்டு, அடுத்த வரிசைக்கு ஏழு, மொத்தம் 150 சேர். முன்னாடி 200 போட்டுக்கிட்டு இருந்தாங்க. மேடத்துக்கு அந்த அம்பது சேர் குறையறது மனசே வரல, கடைசியில ஆண்டு விழாவ எல்.கே.ஜி.ல இருந்து அஞ்சாவது வரைக்கும் ஒரு நாள், மேல ஒரு நாள்னு ரெண்டா பிரிச்சாங்க. முதல் சேர் வரிசை ஓரத்துல மூணுக்கு நாலு அடி காலி இடம் ரெண்டு விட்டோம், வீல்சேருக்கு, அங்க வேற சேர் போடக்கூடாதுன்னு தரையிலயே பெயிண்ட் அடிச்சாச்சு.

கதவு கணக்கு இது: நேஷனல் பில்டிங் கோடு 2016ல வெளிய போற வழிக்கு சமதளத்துல ஆளுக்கு 6.5 மில்லிமீட்டர் அகலம், படிக்கட்டுன்னா ஆளுக்கு 10. புள்ளைங்களும் சேத்து 230 பேருக்கு தரைத்தளத்துல ஒன்றரை மீட்டர் வருது, ஆனா கூட்டம் கூடுற கட்டடத்துல வெளியேற கதவு ரெண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த ஹால்ல ரெண்டு கதவு இருந்துச்சு, ஒண்ணு ரெண்டு மீட்டர், இன்னொண்ணு ஒரு மீட்டர் கூட இல்ல, அதுலயும் தாழ்ப்பாள் துருப்பிடிச்சு பழைய பெஞ்ச் அடுக்கி வச்சிருந்துச்சு. பெஞ்ச எடுக்குறது அன்னைக்கே முடிஞ்சுது. கதவ அகலமாக்க சுவர உடைக்கணும், அது சுமை தாங்குற சுவர், மேல லிண்டல் புதுசா போடணும், அதனால அத இன்ஜினியர்கிட்ட விட்டோம். அகலமாக்கின கதவு வெளிப்பக்கமா திறக்குற மாதிரி மாட்டினோம், உள்பக்கம் திறக்குற கதவுல கூட்டம் சாஞ்சா அப்புறம் திறக்கவே முடியாது.

செக் பண்ண ஒரு வழி: ரிகர்சல் அன்னைக்கு ஹால் முழுக்க புள்ளைங்கள உக்கார வச்சு, சொல்லாம பெல் அடிச்சு வெளிய வரச் சொல்லுங்க, போன்ல டைம் பாருங்க. எந்த இடத்துல வரிசை நிக்குதுன்னு மேடையில நின்னு பாத்தா ஒரே தடவையில தெரிஞ்சுரும். நடைவழியில நின்னா சேர குறைங்க. கதவுல நின்னா, இல்ல வெளிய மாடிப்படியில நின்னா, அது நீங்களோ நானோ சேர நகத்தி சரி பண்ற விஷயம் இல்ல, லைசென்ஸ் உள்ள இன்ஜினியரையும் ஃபயர் சர்வீஸையும் கூப்பிட்டு ஹால்ல எத்தனை பேர உக்கார வைக்கலாம்னு எழுத்துல வாங்கி, அந்த நம்பர கதவுக்கு மேல எழுதி வைங்க.